ஒரே அகலம், வேறு வேறு சுவர்

மார்பெலும்புக்குப் பின்னால், அதன் ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இரு பக்கமும் ஒவ்வொரு தமனி மேலிருந்து கீழாக ஓடுகிறது. உள் மார்புத் தமனி என்பது அதன் பெயர். இருதய அறுவைக் கூடங்களில் சுருக்கமாக ‘மேமரி’ என்பார்கள். உட்குழல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலுக்கடியில் துடிக்கும் ஆரத் தமனியும் கிட்டத்தட்ட அதே அளவு, 2 முதல் 3 மில்லிமீட்டர். இரண்டையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நுண்ணோக்கிக்கு அடியிலோ இரண்டும் வேறு வேறு வகை. ஒன்று எலாஸ்டிக் தமனியின் குணம் கொண்டது, மற்றொன்று தசைத் தமனி.

பாடநூல்களில் முதலில் சொல்லித் தரும் விதியை இந்த மேமரி உடைத்துவிடுகிறது. இதயத்துக்கு அருகில் இருக்கும் பெரிய தமனிகள் எலாஸ்டிக், அவற்றிலிருந்து கிளைக்கும் நடுத்தரத் தமனிகள் தசைத் தமனிகள் என்பது அந்த விதி. மகாதமனிக்கும் தொடைத் தமனிக்கும் அது பொருந்தும். ஆனால் அளவை மட்டும் நம்பி ஸ்லைடைப் படிப்பவர் மேமரியைக் கண்டால் தவறாகத்தான் சொல்வார். குழாயின் அகலத்தை விட்டுவிட்டு அதன் சுவரை, அதிலும் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

தமனியானாலும் சிரையானாலும் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. இரத்தம் உரசிச் செல்லும் பக்கத்தில் எண்டோதீலியம் எனப்படும் ஒற்றைச் செல் படலமும், அதைத் தாங்கும் மெல்லிய இணைப்புத் திசுவும் சேர்ந்தது உள்ளடுக்கு. அடுத்தது நடு அடுக்கு. குழாயைச் சுற்றிச் சுற்றி ஓடும் மென்தசைச் செல்களும், நீண்டு சுருங்கக்கூடிய எலாஸ்டின் என்ற புரதமும், எளிதில் நீளாத கொல்லாஜன் இழைகளும் இங்கேதான் இருக்கின்றன. வெளியடுக்கு பெரும்பாலும் கொல்லாஜன். அது குழாயை அக்கம்பக்கத்துத் திசுக்களோடு பிணைத்து வைக்கிறது. பெரிய நாளங்களில் அந்தச் சுவருக்கே இரத்தம் கொண்டுவரும் குட்டி நாளங்களையும் நரம்புகளையும் இந்த வெளியடுக்கில் காணலாம்.

வகை பிரிப்பது நடு அடுக்குதான். மகாதமனியில் எலாஸ்டின் தகடு தகடாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. வயதுவந்த மனிதரின் மார்புப் பகுதி மகாதமனியில் 40 முதல் 60 தகடுகள் வரை எண்ணலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய வரிசையாகத் தசைச் செல்களும் கொல்லாஜனும் இருக்கும். 1967-இல் ஹார்வி வோலின்ஸ்கியும் சீமோர் கிளாகோவும் பல பாலூட்டிகளின் மகாதமனிகளை ஒப்பிட்டார்கள். உடல் பெரிதாகப் பெரிதாகத் தகடுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஆனால் ஒவ்வொரு தகடும் தாங்கும் இழுவிசை எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது என்று கண்டார்கள். எலியின் மகாதமனிக்குச் சில தகடுகள் போதும், மனிதருக்குப் பல பத்து வேண்டும்.

இத்தனை தகடுகளும் எதற்கு? இடது கீழறை ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த நொடியில் மகாதமனி விரிந்து அதில் ஒரு பகுதியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுவர் தானாகச் சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. அதனால்தான் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலும் இரத்த ஓட்டம் நிற்பதில்லை. தசைத் தமனியின் வேலை வேறு. எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டுமோ அதற்கேற்பக் குழலைக் குறுக்கவும் விரிக்கவும் வேண்டும். அதற்குத் தேவை தசை. எனவே அதன் நடு அடுக்கில் தசைச் செல்கள் நெருக்கமாக, பெரிய தசைத் தமனியானால் 40 வரிசை வரைகூட இருக்கும். எலாஸ்டின் இரண்டு எல்லைக் கோடுகளில் ஒதுங்கிவிடும். உள்ளடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையில் ஒரு தெளிவான தகடு, நடு அடுக்கின் வெளி விளிம்பில் சற்றுச் சிதறலான இன்னொன்று.

ஸ்லைடில் உள் எல்லைத் தகடு நெளிநெளியாகத் தெரியும். உயிருள்ள உடலில் அது அப்படி நெளிந்து கிடப்பதில்லை. இரத்த அழுத்தம் உள்ளிருந்து தள்ளுவதால் கிட்டத்தட்ட வழவழப்பான வட்டமாகவே இருக்கிறது. வெட்டியெடுத்ததும் அழுத்தம் போய்விடுகிறது, தசை சுருங்குகிறது, தகடு மடிந்து நெளிகிறது. தசைச் செல்களின் உட்கருக்களும் அப்போது முறுக்கிக்கொண்டு திருகு போலத் தோன்றும். இரண்டும் நல்ல அடையாளங்கள்தான் என்றாலும், சுருங்கிய பிறகு தோன்றியவை என்பதை மறக்கக் கூடாது.

இந்த வேறுபாடுகளைக் கண்ணில் காட்டுவது சாயம். திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, வழக்கமாக ஹெமட்டாக்ஸிலினும் ஈயோசினும் ஏற்றுவார்கள். உட்கரு நீலமாகும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. தசையும் இளஞ்சிவப்பு, கொல்லாஜனும் இளஞ்சிவப்பு, எலாஸ்டினும் இளஞ்சிவப்பு. மகாதமனியின் ஐம்பது தகடுகளும் அந்த நிறத்தில் கரைந்துபோய், மொத்தமும் தசைதானோ என்று எண்ண வைக்கும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அப்போது நுண்ணோக்கியின் ஒளித்திரையைக் கொஞ்சம் மூடச் சொல்வார்கள். வெளிச்சம் குறையும்போது எலாஸ்டின் கோடுகள் பளபளத்துத் தனியே எழும். உட்கருக்களையும் கவனிக்கலாம். மகாதமனியில் அவை இடைவெளி விட்டுச் சிதறிக் கிடக்கும், தசைத் தமனியில் நெருங்கி ஒரே திசையில் சுற்றும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் எலாஸ்டினுக்கென்றே உள்ள சாயத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கண் மருத்துவரும் நோயியலாளருமான ஃபிரெடெரிக் வெர்ஹோஃப் 1908-இல் வெளியிட்ட முறை இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. ஹெமட்டாக்ஸிலின், ஃபெரிக் குளோரைடு, அயோடின் மூன்றும் சேர்ந்த கரைசலில் திசுவை முழுக் கருப்பாகும்வரை ஊறவிட்டு, பிறகு நீர்த்த ஃபெரிக் குளோரைடில் அலசி அலசி, வேண்டாத கருப்பை நீக்குவார்கள். எலாஸ்டின் மட்டும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் வான் கீசன் சாயம் ஏற்றினால் கொல்லாஜன் சிவப்பாகவும் தசை மஞ்சளாகவும் மாறும். இப்போது மகாதமனி சுவர் முழுக்கக் கருங்கோடுகள். ஆரத் தமனியில் உள்ளே ஒரு கருங்கோடு, வெளியே ஒன்று, நடுவில் அகலமான மஞ்சள். மேமரியிலோ, மெல்லிய சுவராக இருந்தும் அதன் பெரும்பகுதி நீளத்தில் பத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கருங்கோடுகள் தெரியும்.

இந்த முறையின் பலவீனம் அந்த அலசலில் இருக்கிறது. கை சற்று நீண்டுவிட்டால் மெல்லிய தகடுகளின் கருப்பும் போய்விடும், மேமரி ஒரு தசைத் தமனிபோல வேடமிடும். அதனால் அலசும்போதே அடிக்கடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். ஆல்கஹாலில் போடுவதற்கு முன்பே தவறு தெரிந்துவிட்டால் மீண்டும் சாயமேற்றித் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு வெட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. மேமரியின் இரு முனைகளிலும் தகடுகள் குறைந்து தசை கூடுகிறது. பொதுக் கழுத்துத் தமனி எலாஸ்டிக் வகை, அதிலிருந்து மண்டையோட்டுக்குள் போகும் கிளை படிப்படியாகத் தசை வகையாக மாறுகிறது. எந்த இடத்தில் வெட்டினோம் என்று தெரியாமல் படித்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பு வகையைத்தான் பார்ப்போம். அதை அப்படியே எழுதுவதுதான் நேர்மை.

தந்துகியில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. அங்கே நடு அடுக்கும் இல்லை, வெளியடுக்கும் இல்லை. எண்டோதீலியச் செல், அதன் அடித்தளப் படலம், அங்கங்கே அணைத்து நிற்கும் பெரிசைட் செல், அவ்வளவுதான். விட்டம் ஒரு சிவப்பணு வரிசையாக நுழையும் அளவு. ஸ்லைடில் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரான் என்பதால், அதையே அளவுகோலாக வைத்து எந்த நாளத்தையும் மதிப்பிடலாம். வில்லியம் ஹார்வி 1628-இல் இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கியபோது தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்த வழியை அவர் பார்த்திருக்கவில்லை. 1661-இல் தவளையின் நுரையீரலில் மார்செல்லோ மால்பிகி அதைக் கண்டபோது ஹார்வி உயிரோடு இல்லை.

சுவரின் இந்த வேறுபாடு நோயாளியின் வாழ்க்கையைத் தொடும் இடம் பைபாஸ் அறுவை. அடைபட்ட இதயத் தமனியைச் சுற்றி மாற்றுப் பாதை அமைக்க மேமரி, ஆரத் தமனி, காலின் நீள்சிரை மூன்றும் பயன்படுகின்றன. ஆரத் தமனியை 1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் அலன் கார்பான்டியே பயன்படுத்திப் பார்த்துக் கைவிட நேர்ந்தது. அந்த அகலமான தசை அடுக்கு கையாளும்போதே இறுகிக் குழலை மூடிவிட்டது. பக்குவமாக எடுக்கும் முறையும் தசையைத் தளர்த்தும் மருந்துகளும் வந்த பிறகு, 1992-இல் கிறிஸ்டோஃப் அகார் குழுவினர் அதை மீட்டெடுத்தார்கள். மேமரிக்கோ இறுக்கும் தசை குறைவு. அதன் உள் எல்லைத் தகட்டில் இடைவெளிகளும் குறைவு, ஆகவே தசைச் செல்கள் உள்ளடுக்குக்குள் நழுவிக் கொழுப்புப் படிவுக்கு இடம்கொடுப்பது அரிது. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மேமரி இணைப்புகள் திறந்திருக்கின்றன. அதை இதயத்தின் முன்பக்கத் தமனியில் இணைத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 1986-இல் கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஃபிளாய்ட் லூப் குழு எழுதியது. எலாஸ்டினே எல்லாப் புகழுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மகாதமனியும் எலாஸ்டிக்தான், அதன் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு தாராளமாகப் படிகிறது. மேமரியின் எண்டோதீலியம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் இதில் பங்குண்டு.

நீள்சிரையின் கதை வேறு. பொதுவாகச் சிரைகளின் சுவர் மெல்லியது, குழல் மடிந்து கிடக்கும், அடுக்குகளின் எல்லை மங்கலாக இருக்கும், வெளியடுக்கே தடிமனானது. ஆனால் நிற்கும் மனிதரின் காலில் இரத்தம் அழுத்தும் சுமையைத் தாங்குவதால், நீள்சிரைக்கும் அதன் அண்டைச் சிரைகளுக்கும் தசை தடித்திருக்கிறது. குழல் வட்டமாகவும், உள்ளே ஒரு எலாஸ்டின் கோடு இருப்பது போலவும்கூடத் தெரியும். கால் தோலிலிருந்து எடுத்த திசுச் சோதனையில் இப்படி வீங்கிய ஒரு நாளம் தெரிந்தால் அது அழற்சி கண்ட தமனியா, அடைபட்ட சிரையா என்ற கேள்வி எழும். முன்னது பாலிஆர்ட்டிரைட்டிஸ் என்றால் ஸ்டீராய்டு தேவைப்படலாம், பின்னது பெரும்பாலும் அவ்வளவு கடுமையான சிகிச்சை கேட்பதில்லை. அங்கே உள் கோட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நோயியலாளர் தசை அடுக்கின் உள்ளே பார்க்கிறார். தசைக் கற்றைகளுக்கு நடுவே கருப்பு இழைகள் ஊடும் பாவுமாகச் சிதறியிருந்தால் சிரை. தசை ஒரே கட்டாக நெருங்கி, அதற்குள் இழைகள் அரிதாக இருந்தால் தமனி.