மேலாளருக்கு எப்போது நேரம் இருக்கிறது?

காலை 9 மணி முதல் மாலை 6 வரை வேலை பார்க்கும் ஒரு மேலாளரின் காலண்டரில் ஐந்து மீட்டிங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழைப்புகள் வந்த வரிசை இது: 14:00–15:00, 9:30–10:30, 11:30–12:00, 10:00–12:30, 15:00–15:30. மொத்தம் ஐந்தரை மணி நேரம். அப்படியானால் மீதம் மூன்றரை மணி நேரம்தானா? இல்லை. சில மீட்டிங்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்த நேரம் இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது.

காலண்டர் மென்பொருள் முதலில் இவற்றைத் தொடக்க நேரப்படி அடுக்கும்: 9:30, 10:00, 11:30, 14:00, 15:00. பிறகு ஒரே ஒரு முறை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் போதும். முதல் மீட்டிங் 10:30க்கு முடிகிறது. அடுத்தது அதற்கு முன்பே, 10 மணிக்கே தொடங்குவதால் இரண்டும் சேர்ந்து 9:30–12:30 ஆகின்றன. 11:30 மீட்டிங்கும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அடுத்தது 14:00, நம் தொகுதியோ 12:30க்கே முடிந்துவிட்டது. அதை அங்கேயே மூடிவிடலாம். இனி வருபவை எல்லாம் 14:00 அல்லது அதற்குப் பிறகு தொடங்குபவை என்பதால், எதுவும் பின்னால் வந்து அதைத் தொடாது. அடுக்கியதன் பலனே இந்த உறுதிதான். கடைசி இரண்டும் 15:00 மணியில் ஒட்டிக்கொண்டு 14:00–15:30 ஆகின்றன. ஆக, உண்மையில் போனது நாலரை மணி நேரம். மீதமும் நாலரை மணி நேரம்.

தவறு பெரும்பாலும் அந்த 11:30 மீட்டிங்கில்தான் நடக்கும். புதிதாக வந்ததன் முடிவு நேரத்தை அப்படியே எழுதிவிட்டால், தொகுதி 12:00க்குச் சுருங்கிவிடும். 12:00 முதல் 12:30 வரை ஓய்வு என்று காட்டும். யாராவது அங்கே ஒரு மீட்டிங் போட்டுவிடுவார்கள். இரண்டு முடிவுகளில் எது பிந்தியதோ அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மீட்டிங்குக்குள் சின்னதொன்றை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. நேரத்தை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாக அடுக்கினால், முதல் எழுத்து 9 என்பதால் 9:30 கடைசிக்குப் போய்விடும். 15:30க்கு முடியும் தொகுதியோடு அதை ஒப்பிடும்போது, “முன்பே தொடங்கிவிட்டது” என்று அதற்குள் விழுங்கப்பட்டுவிடும். காலை 9:30 முதல் 10 வரையிலான அரை மணி நேரம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். முதல் தொகுதி 10 மணிக்குத் தொடங்குகிறதே, 9:30க்கு ஒரு மீட்டிங் இருந்ததே என்று பார்த்தால் அகப்பட்டுவிடும். நள்ளிரவிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று மாற்றி (9:30 என்றால் 570) அடுக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் இந்த ஐந்துக்கும் எத்தனை அறைகள் தேவை என்று இந்த முறையிடம் கேட்கக் கூடாது. 9:30–12:30 ஒரே தொகுதியாகத் தெரிந்தாலும், 10:00க்கும் 10:30க்கும் இடையே இரண்டு மீட்டிங்குகள் நடக்கின்றன. சேர்க்கும்போது அந்த எண்ணிக்கை அழிந்துவிடுகிறது. அதை அறியத் தொடக்கங்களையும் முடிவுகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.