எண் தன் கட்டத்தில் உட்கார வேண்டும்

பழைய அச்சுப் பக்கம் ஒன்றை ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். மென்பொருளுக்குக் கொடுத்தால், படத்தில் உள்ள எழுத்துகளை அது கணினி எழுத்துகளாக மாற்றித் தருகிறது. கதையோ கட்டுரையோ என்றால் பெரும்பாலும் வேலை அத்தோடு முடிந்துவிடும். எழுத்துப் பிழைகளைத் திருத்தினால் போதும். அட்டவணை அப்படியல்ல. அதில் ஓர் எண்ணின் பொருள், அது எந்த ஊருக்கு நேராக, எந்தத் தலைப்புக்குக் கீழே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. எல்லா எண்களும் சரியாகவே படிக்கப்பட்டிருந்தாலும், ஒரே ஓர் எண் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்த வரிசை முழுவதும் தவறான செய்தியைச் சொல்லும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1951 முதல் மாவட்டவாரியாகக் கையேடுகள் வெளிவந்தன. கிராமம் கிராமமாக எண்ணிக்கை தரும் ஆங்கில அச்சு அட்டவணைகள் அவற்றில் பக்கம் பக்கமாக உள்ளன. அந்த வகைப் பக்கத்தை மாதிரியாகக் கொண்டு, விளக்கத்துக்காக அமைத்த மூன்று ஊர்களின் அட்டவணை இது. வீடுகள், ஆண்கள், பெண்கள், மொத்தம் என நான்கு எண் நெடுவரிசைகள் இதில் உள்ளன.

```
Kilur            84     197     205     402
Pudur                    63      71     134
Mettuppatti   1,126   2,640   2,718   5,358
Total         1,210   2,900   2,994   5,894
```

புதூருக்கு வீடுகளின் எண்ணிக்கை அச்சில் இல்லை; கட்டம் காலியாக இருக்கிறது. ஓ.சி.ஆர். வெறும் எழுத்தாகத் தரும்போது அந்த வரி `Pudur 63 71 134` என்று வரும். காலி இடத்தை மென்பொருள் ஒரு சொல்லாக எண்ணுவதில்லை. இதை இடைவெளி விட்ட இடங்களில் வெட்டி விரிதாளில் போட்டால் 63 வீடுகளின் கட்டத்திலும், 71 ஆண்களின் கட்டத்திலும், 134 பெண்களின் கட்டத்திலும் போய் உட்காரும். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் பார்க்கிறவருக்குச் சந்தேகமும் வராது. அட்டவணை வேலையில் மிகுதியாக நேரும் தவறு இதுதான்.

ஆகவே வெறும் எழுத்தை வாங்கக் கூடாது. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் நின்றது என்ற கணக்கையும் சேர்த்து வாங்க வேண்டும். டெசராக்ட் என்ற கட்டணமில்லாத ஓ.சி.ஆர். மென்பொருளில் அதற்கான கட்டளை இது:

```
tesseract page.png out -l eng --psm 6 tsv
```

`--psm 6` என்பது பக்கத்தை ஒரே எழுத்துத் தொகுதியாகக் கொள்ளச் சொல்கிறது. இதைச் சொல்லாவிட்டால், மென்பொருள் அட்டவணையைச் செய்தித்தாள் பத்திகள்போல் நினைத்து, ஊர்ப் பெயர்களையெல்லாம் முதலில் படித்துவிட்டு எண்களைப் பிறகு தனித்தனிக் குவியலாகத் தரக்கூடும். கடைசியில் உள்ள `tsv` என்ற சொல்தான் இடக்கணக்கைக் கேட்கிறது. தமிழ் அச்சு என்றால் `eng` இருக்கும் இடத்தில் `tam` போட வேண்டும். புதூர் வரிக்குக் கிடைப்பதில் தேவையான பகுதி இவ்வளவுதான்:

```
left   top   width   height   conf   text
118    643   104     30       91     Pudur
702    645   48      30       95     63
958    644   46      30       94     71
1196   646   68      30       95     134
```

முதல் எண் சொல்லின் இடது ஓரம், இரண்டாவது மேல் ஓரம், அடுத்த இரண்டும் அகலமும் உயரமும். நான்குமே பிக்சல் கணக்கில். `conf` என்பது தான் படித்ததில் மென்பொருளுக்கு உள்ள நம்பிக்கை, நூறுக்கு எவ்வளவு என்று. இனிச் செய்யும் வேலையெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான்.

முதலில் வரிசைகளைப் பிரிக்க வேண்டும். அதற்கும் முன்னால் பக்கத்தின் சாய்வை நேராக்குவது கட்டாயம். ஏ4 அகலமுள்ள தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் அகலம் ஏறத்தாழ 2,480 பிக்சல் வரும். பக்கம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே சுமார் 43 பிக்சல் உயர வேறுபாடு உண்டாகும். சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்ட அட்டவணையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரமே 50 பிக்சல் அளவுதான். அதாவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சாய்வுகூட வலது ஓரத்து எண்ணை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும்.

நேராக்கிய பக்கத்தில், இரண்டு சொற்கள் ஒரே வரிசையா என்பதை மேல் ஓரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரிவராது. எழுத்துக்கு எழுத்து உயரம் மாறும். தமிழில் மேலே புள்ளியும் கீழே உகரக் கொக்கியும் வருவதால் பெயரின் பெட்டி எண்ணின் பெட்டியைவிட உயரமாக இருக்கும். இரண்டு பெட்டிகளில் சிறியதன் உயரத்தில் பாதிக்கு மேல் மற்றதன் உயர எல்லைக்குள் அடங்கினால் இரண்டும் ஒரே வரிசை என்று கொள்வது நம்பகமான வழி.

நீளமான ஊர்ப் பெயர் இரண்டு வரியாக மடங்கியிருந்தால், எண்ணே இல்லாத ஒரு வரிசை கிடைக்கும். அதை அருகிலுள்ள வரிசையோடு சேர்க்க வேண்டும். ஆனால் தாலுகாவின் பெயர் தலைப்பாக நடுவில் வரும் வரியிலும் எண் இருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இடது ஓரம்தான்: மடங்கிய பெயர் ஊர்ப் பெயர்களின் நெடுவரிசைக்குள், பெரும்பாலும் சற்று உள்தள்ளி நிற்கும், தலைப்பு பக்கத்தின் நடுவில் நிற்கும்.

அடுத்தது நெடுவரிசை. அச்சு அட்டவணையில் எண்கள் வலது ஓரம் நேர்கோட்டில் வருமாறு அடுக்கப்பட்டிருக்கும்; ஒன்றாம் தானத்துக்குக் கீழே ஒன்றாம் தானம். ஆகவே எண்ணின் இடது ஓரம் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறினாலும் வலது ஓரம் மாறாது. எல்லாக் கட்டமும் நிரம்பிய வரிசைகளிலிருந்து வலது ஓரங்களை எடுத்துப் பார்த்தால் அவை நான்கு இடங்களில் குவியும். இந்தப் பக்கத்தில் அவை 520, 750, 1005, 1265. இனி எந்த எண்ணையும் தனக்கு மிக அருகிலுள்ள ஓரத்தோடு சேர்க்கலாம்:

```
edges = [520, 750, 1005, 1265]

def column(left, width):
    r = left + width
    k = min(range(4), key=lambda i: abs(edges[i] - r))
    return k if abs(edges[k] - r) <= 40 else None
```

புதூரின் 63-க்கு இடது ஓரம் 702, அகலம் 48. வலது ஓரம் 750. ஆகவே அது ஆண்களின் நெடுவரிசை. 71-இன் வலது ஓரம் 1004, பெண்கள். 134-இன் வலது ஓரம் 1264, மொத்தம். 520-க்கு அருகில் எந்தச் சொல்லும் இல்லை. எனவே வீடுகளின் கட்டம் காலியாகவே நிற்கிறது. அச்சிலும் அப்படித்தான் இருந்தது. இந்த ஓரங்களைப் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகக் கணக்கிட வேண்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஓரம் விடும் அளவு வேறுபடும்.

எந்த ஓரத்துக்கும் 40 பிக்சலுக்குள் வராத சொல்லை இந்தச் செயல்கூறு எங்கும் வைக்காமல் திருப்பி அனுப்புகிறது. அப்படி வந்தவற்றைத் தூக்கி எறியாமல் தனியே சேர்த்துப் பார்க்க வேண்டும். கோளாறுகள் அங்கேதான் வெளிப்படும். மேட்டுப்பட்டியின் 2,718-இல் காற்புள்ளி மங்கியிருந்தால், மென்பொருள் அதை `2` என்றும் `718` என்றும் இரண்டு சொல்லாகப் படிக்கும். 718 பெண்களின் நெடுவரிசையில் ஒழுங்காக விழும். 2 மட்டும் 917-இல் அநாதையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 18 பிக்சல்தான். இடப்பக்கத்து 2,640-க்கும் அந்த 2-க்கும் நடுவிலோ ஏறத்தாழ 150. ஆகவே முப்பது பிக்சலுக்குள் நெருங்கி நிற்கும் எண் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு நெடுவரிசை பிரிப்பது முறை.

நெடுவரிசைக் கோடுகள் வரைந்த அட்டவணையில் இன்னொரு தொல்லை உண்டு. நிற்கும் கோட்டை மென்பொருள் `|` என்றோ `1` என்றோ படித்து எண்ணோடு சேர்த்துவிடும்; 197 என்பது 1197 ஆகிவிடும். இதைப் பின்னால் திருத்துவது கடினம். ஓ.சி.ஆருக்கு அனுப்புமுன்பே படத்திலிருந்து நீளமான கோடுகளை அழித்துவிடுவதுதான் நல்லது.

எழுத்துத் திருத்தம் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். எண் நெடுவரிசையில் `O` வந்தால் 0 என்றும், `l` வந்தால் 1 என்றும், `S` வந்தால் 5 என்றும் மாற்றலாம். இதையே கோப்பு முழுவதும் செய்தால் `Kilur` என்ற பெயர் `Ki1ur` ஆகிவிடும். எந்தக் கட்டம் எந்த நெடுவரிசை என்று தெரிந்த பிறகே இந்த மாற்றம் பாதுகாப்பானது. `2.718` என்று காற்புள்ளி முற்றுப்புள்ளியாகப் படிக்கப்பட்டால் விரிதாள் அதைப் பின்னமாக எடுத்துக்கொள்ளும். ஆள் எண்ணிக்கையில் பின்னம் வராது என்பதால் அதையும் இங்கேயே பிடிக்கலாம். காலிக் கட்டம், கோடு போட்ட கட்டம், பூச்சியம் மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள். காலியைப் பூச்சியமாக்கினால், தகவல் இல்லாத புதூர் வீடே இல்லாத ஊராகிவிடும்.

கடைசி வேலை சரிபார்ப்பு. அதற்கான கருவி அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து மொத்தமாக வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையும் கடைசி வரியின் கூட்டுத்தொகைக்கு ஒத்துவர வேண்டும். கீழூரின் 197-ஐ மென்பொருள் 191 என்று படித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 191-ம் 205-ம் சேர்ந்தால் 396, அச்சில் 402. வரிசையில் 6 குறைகிறது. ஆண்களின் நெடுவரிசையைக் கூட்டினால் 2,894, அச்சில் 2,900. அங்கேயும் அதே 6. இரண்டு பிழையும் ஒரே அளவில் சந்திக்கும் கட்டம் ஒன்றுதான். ஏழு ஒன்றாகப் படிக்கப்பட்டால் வரும் வேறுபாடும் சரியாக ஆறு. மென்பொருள் அந்த 191-க்கு 95 என்று நம்பிக்கை மதிப்பெண் போட்டிருக்கக்கூடும்; கூட்டல் ஒத்துவராதபோது அந்த மதிப்பெண்ணை நம்பக் கூடாது.

நகர்ந்த எண்ணையும் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்கும். புதூரின் எண்கள் இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தால் ஆண்களில் 71, பெண்களில் 134, மொத்தத்தில் ஒன்றுமில்லை என்று வரும். வரிசையும் உதைக்கும், நான்கு நெடுவரிசைகளும் உதைக்கும். ஒரு கட்டம் மட்டும் தவறினால் அது எழுத்துப் பிழை. ஒரே ஊருக்கு நேராக எல்லா நெடுவரிசையும் தவறினால் அது இடப் பிழை.

கூட்டல் ஒத்துவரவில்லை என்பதற்காக எண்ணைத் தானாக மாற்றிவிடக் கூடாது. அச்சுக் கோத்தவரே தவறியிருக்கலாம். படத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்து, ஓ.சி.ஆர். தவறு என்றால் திருத்த வேண்டும். அச்சின் தவறு என்றால் அச்சில் உள்ளதை அப்படியே வைத்துக் குறிப்பு எழுத வேண்டும். ஊர்ப் பெயர்களுக்குக் கூட்டுத்தொகை கிடையாது. அவற்றைக் கண்ணால் படித்துத்தான் ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை இரு திசையிலும் ஒத்துவந்து, பெயர்களும் படத்தோடு ஒப்பிடப்பட்ட பிறகே அந்த அட்டவணையை ஆய்வுக்கு எடுக்கலாம்.