கீழிருந்து மேலே படியுங்கள்

38-ஐ இரும எண்ணாக்க, இரண்டால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஈவு 19, மீதி 0. அடுத்து 9, மீதி 1. பிறகு 4, மீதி 1. 2, மீதி 0. 1, மீதி 0. கடைசியாக ஈவு 0, மீதி 1.

மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 100110. ஏன் தலைகீழ்? முதல் மீதி சொல்வது, எண் ஒற்றையா இரட்டையா என்பதைத்தான்; ஆகவே அது ஒன்றின் இடம், வலக்கோடி. அடுத்தடுத்த மீதிகள் இரண்டு, நான்கு, எட்டு என இடப்பக்கம் நகர்கின்றன.

மேலிருந்து படித்தால் 011001, அதாவது 25. இரட்டை எண்ணின் விடை 1-இல் முடிந்தால் திசை தவறிவிட்டது என்று பொருள். ஈவு 1 வந்ததுமே நிறுத்துவதும் வழக்கமான பிழை. முன்னால் நிற்கும் 1 விட்டுப்போய், மிஞ்சுவது வெறும் 6. ஈவு 0 ஆகும்வரை வகுங்கள்.