லிஸ்டரின் எழுபத்தைந்து நோயாளிகள்

கிளாஸ்கோ நகரின் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர், 1870-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். கை அல்லது கால் துண்டிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அது. கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறை வருவதற்கு முன் 35 பேருக்குத் துண்டிப்பு நடந்தது. 16 பேர் இறந்தார்கள். முறை வந்த பிறகு 40 பேரில் 6 பேர் இறந்தார்கள்.

பார்த்தவுடனே வேறுபாடு தெரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அமிலத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல், தற்செயலாகவே எண்கள் இப்படி விழுந்திருக்கலாமா? இதைச் சோதிக்க லிஸ்டரிடம் கருவி இல்லை. கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டது 1900-இல்தான். இன்று நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போட்டதை எப்படி எழுதிவைப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல ஆய்வேடுகளில் ‘கை-வர்க்கச் சோதனை செய்யப்பட்டது, முடிவு குறிப்பிடத்தக்கது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு வாசிப்பவர் எதையும் சரிபார்க்க முடியாது.

சோதனையின் உயிர் எதிர்பார்ப்பு எண்களில் இருக்கிறது. மொத்தம் 75 பேர். இறந்தவர்கள் 22 பேர். அமிலத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த 22 மரணங்களும் இரண்டு காலங்களுக்கும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிந்திருக்க வேண்டும். முந்தைய காலத்தின் பங்கு 35-ஐ 22-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் வரும்: 10.3. பிந்தைய காலத்துக்கு 11.7. அதேபோல் பிழைத்தவர்கள் 24.7, 28.3. இறந்த மனிதரைத் தசமத்தில் சொல்வது உறுத்தத்தான் செய்யும். ஆனால் இவை நடந்தவை அல்ல, சம்பந்தம் இல்லாதிருந்தால் சராசரியாக நடந்திருக்கக்கூடியவை.

இப்போது நடந்ததை இதன் பக்கத்தில் வையுங்கள். முந்தைய காலத்தில் 10.3 எதிர்பார்த்த இடத்தில் 16 மரணம். பிந்தைய காலத்தில் 11.7 எதிர்பார்த்த இடத்தில் 6. ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசம் 5.73. அதை வர்க்கமாக்கி, அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 8.50 வருகிறது. இதுதான் கை-வர்க்க மதிப்பு. உண்மையில் சம்பந்தமே இல்லாதிருந்தால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய மதிப்பு ஆயிரத்தில் ஏறக்குறைய நான்கு தடவைதான் வரும். பி மதிப்பு 0.004 என்பதன் பொருள் அவ்வளவுதான்.

அந்தப் பி மதிப்பு, சம்பந்தம் எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. இதே விகிதத்தில் 750 நோயாளிகள் இருந்திருந்தால் கை-வர்க்க மதிப்பு 85 ஆகியிருக்கும். பி மதிப்பு மிக நுண்ணியதாகச் சுருங்கியிருக்கும். ஆனால் அமிலத்தின் பலன் துளியும் கூடியிருக்காது. அதனால் விளைவின் அளவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அது ஃபை: கை-வர்க்க மதிப்பை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இங்கே 0.34. நோயாளிகள் பத்து மடங்கானாலும் அது 0.34-தான். பெரிய அட்டவணைகளுக்கு இதே வேலையைச் செய்வது கிராமரின் வி.

0.3-ஐ நடுத்தரம் என்று வகைப்படுத்தும் வழக்கம் உண்டு. உயிர் போகிற விஷயத்தில் ‘நடுத்தரம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஃபையின் பக்கத்தில் சதவீதத்தையும் போட்டுவிட்டால் வாசிப்பவருக்கு அளவு புரிந்துவிடும். ஆகவே அறிக்கை இப்படி அமையலாம்: முன்பு 35 பேரில் 16 பேரும் (45.7%), பின்பு 40 பேரில் 6 பேரும் (15.0%) இறந்தனர். வேறுபாடு 30.7 சதவீதப் புள்ளிகள். 95% நம்பிக்கை இடைவெளி 11 முதல் 51 வரை. χ²(1, N = 75) = 8.50, p = 0.004, φ = 0.34. மிகச் சிறிய எதிர்பார்ப்பு எண் 10.3.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் வேண்டும் என்பது லிஸ்டரின் கணக்கில் கை துண்டிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் தெரியும். முன்பு 12 பேரில் 6 பேர் இறந்தார்கள். பின்பு 12 பேரில் ஒருவர். மொத்தம் 24 பேரில் 7 மரணம். எனவே இரு காலத்துக்கும் மரணத்தின் எதிர்பார்ப்பு எண் 3.5, பிழைத்தவர்களுக்கு 8.5.

கை-வர்க்கப் பரவல் வழவழப்பான ஒரு வளைகோடு. நம் எண்ணிக்கைகளோ ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் நகரும். எதிர்பார்ப்பு எண்கள் பெரியவையாக இருந்தால் படிகள் நெருங்கி வந்து வளைகோட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிறியவையானால் ஒவ்வொரு படியும் ஒரு பெரிய தாவலாகிவிடும். வளைகோடு சொல்லும் பி மதிப்பை நம்ப முடியாது. அதனால்தான் எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, எந்தக் கட்டத்திலும் ஒன்றுக்குக் கீழே போகக்கூடாது என்ற நடைமுறை விதி இருக்கிறது. பார்க்க வேண்டியது எதிர்பார்ப்பு எண்ணை. உண்மையில் எண்ணிய எண்ணை அல்ல. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரு கட்டத்தில் பூஜ்யமே விழுந்திருந்தாலும் அதன் எதிர்பார்ப்பு எண் எட்டு என்றால் கவலை இல்லை. இங்கே நான்கில் இரண்டு கட்டங்கள் 3.5. விதி உடைகிறது.

‘ஆர்’ மென்பொருளில் போட்டுப் பாருங்கள்:

```
m <- matrix(c(6, 1, 6, 11), nrow = 2)
chisq.test(m)$expected
chisq.test(m, correct = FALSE)
chisq.test(m)
fisher.test(m)
```

`chisq.test` கட்டளைகள் மூன்றுக்கும் ‘Chi-squared approximation may be incorrect’ என்ற எச்சரிக்கை வரும். திருத்தம் இல்லாத கை-வர்க்கச் சோதனை பி மதிப்பு 0.025 என்கிறது. வெறுமனே `chisq.test(m)` என்று அடித்தால் மென்பொருள் யேட்ஸ் திருத்தத்தைத் தானாகவே சேர்த்து 0.072 என்கிறது. ஃபிஷரின் துல்லியச் சோதனை வளைகோட்டை நம்பாமல், 7 மரணங்கள் இரு குழுக்களுக்கும் விழக்கூடிய எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்து 0.069 என்கிறது. 0.05 என்ற கோடு இவற்றின் நடுவே விழுகிறது. மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 0.025-ஐ மட்டும் எழுதினால் அது பொய்க்குச் சமம். எனவே திட்டம் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட வேண்டும்: ‘எதிர்பார்ப்பு எண்கள் விதியை மீறினால் ஃபிஷர் சோதனை, இருபக்க பி மதிப்பு’ என்று ஒரு வரி போதும். பெரிய அட்டவணையானால் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் பார்க்கும் முறையைச் சொல்லலாம். கட்டங்களைச் சேர்ப்பதாக இருந்தால் எதை எதோடு சேர்ப்பது என்பதையும் பொருள் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் சேர்த்தால், வேண்டிய விடை வரும்வரை சேர்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைகளுக்கு ஃபை 0.46, மொத்தக் கணக்கின் 0.34-ஐவிடப் பெரியது. பலன் கூடுதலாகத் தெரிகிற இடத்தில்தான் சான்று மெலிந்திருக்கிறது, ஆள் குறைவு என்பதால். பி மதிப்பு 0.05-ஐத் தாண்டிவிட்டதே என்று ‘கைகளில் அமிலம் பலனளிக்கவில்லை’ என்று எழுதினால் அது தப்பு. 50 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதத்துக்கு மரணம் இறங்கியது, 24 பேரை வைத்துக்கொண்டு இதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதுவதே சரி.

சோதனை தொடாத குறை ஒன்றும் உண்டு. முந்தைய நோயாளிகளும் பிந்தைய நோயாளிகளும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்தவர்கள். சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அந்த இடைவெளியில் வார்டிலும், வந்த காயங்களின் தன்மையிலும் வேறு மாற்றங்கள் இருந்திருக்கலாம். 0.004 என்ற எண் தற்செயலை மட்டுமே விலக்குகிறது. இந்த எண்ணிக்கை திருப்தியான புள்ளியியல் ஒப்பீட்டுக்குச் சிறியது என்று லிஸ்டரே தன் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடவே ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.