‘ரியாக்டிவ்’ என்று வந்த பிறகு

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ‘மெடிக்கல்’ உண்டு. ஹெபடைட்டிஸ் சி சோதனையும் அதில் அடக்கம். எந்தத் தொந்தரவும் இல்லாத 35 வயதுக்காரர் ஒருவருக்கு ‘ஹெச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று தாள் வருகிறது என வைத்துக்கொள்வோம். ஈரல் போய்விட்டது என்று வீட்டில் பேச்சு எழும். கீழாநெல்லி தேட ஆளும் கிளம்பும்.

அந்தத் தாள் கிருமியைப் பார்க்கவே இல்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் அது பார்த்தது. வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் கறை நிற்பதுபோல, கிருமி போன பின்னும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் தங்கும். தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் கிருமியை ஒழித்துவிடுகிறார்கள். சில சமயம் சோதனையே பொய்யாக ‘ரியாக்டிவ்’ காட்டுவதும் உண்டு.

ஆகவே அடுத்து எடுக்க வேண்டியது ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. சோதனை. ஆய்வகங்களில் ‘வைரல் லோடு’ என்பார்கள். இது கிருமியின் மரபுப்பொருளையே தேடும். ‘டிடெக்டட்’ என்றால் இப்போது தொற்று இருக்கிறது. எண் எதுவும் இல்லாமல் ‘அளவிடும் வரம்புக்குக் கீழே, டிடெக்டட்’ என்று வந்தாலும் கிருமி இருக்கிறது என்றே பொருள். இந்த வரியைத்தான் பலர் ‘இல்லை’ என்று படித்துவிடுகிறார்கள். ‘நாட் டிடெக்டட்’ என்று வந்தால், பழைய தொற்று ஆறியிருக்கிறது, அல்லது முதல் சோதனை தவறு. இரண்டிலும் மருந்து தேவையில்லை. ஆனால் கடந்த ஆறு மாதத்தில் பாதுகாப்பற்ற ஊசி, பச்சை குத்துதல் போன்ற வாய்ப்பு இருந்திருந்தால், சில மாதம் கழித்து ஆர்.என்.ஏ.வை மறுபடி பார்ப்பதே சரி.

இந்தச் சோதனைக்கும் மருந்துக்கும் கடன் வாங்க வேண்டாம். 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இரண்டும் இலவசம். எங்கே எடுக்கிறார்கள் என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஈரல் சுருக்கம் இல்லாதவருக்குப் பொதுவாக 12 வார மாத்திரை. முடித்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ.தான் குணமானதா என்று சொல்லும்.

ஆறியவருக்கும் எதிர்ப்பொருள் சோதனை ‘ரியாக்டிவ்’ என்றே வந்துகொண்டிருக்கலாம். அதனால் ஆர்.என்.ஏ. தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதை வெளிநாட்டு மெடிக்கலில் ஏற்பதும் மறுப்பதும் அந்த நாட்டு விதியைப் பொறுத்தது; பயண ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்த தானம் மட்டும் இனி கூடாது. உள்ளூரில் ‘ரியாக்டிவ்’ தாளைக் காட்டி அறுவை சிகிச்சையைத் தட்டிக்கழித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையுறை, கருவிச் சுத்திகரிப்பு எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். ஒருமுறை ஆறியது மறுதொற்றைத் தடுக்காது. அந்தச் சந்தேகம் வந்தால் நேராக ஆர்.என்.ஏ. எடுக்கச் சொல்லுங்கள், பழைய எதிர்ப்பொருள் சோதனையால் ஆறியவருக்கு இனிப் பயனில்லை.