தாம்பூலப் பை ஆர்டர்: தேதியும் முன்பணமும்

"15 நாளில் கொடுத்துவிடுவோம் அண்ணா, பாதிப் பணம் போட்டுவிடுங்கள்." கல்யாணத்துக்குப் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை வேண்டும் என்று இணையத்தில் விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மனதில் இருக்கும் 15 நாளும் நம் மனதில் இருக்கும் 15 நாளும் ஒன்றல்ல. நாம் போனை வைத்த நிமிடத்திலிருந்து எண்ணுகிறோம். அவரோ பணம் வந்து, பெயர் எழுத்துகளைச் சரிபார்த்து நாம் "ஓகே" சொன்ன பிறகு, ஞாயிறு நீக்கி, வேலை நாட்களாக எண்ணுகிறார். பார்சல் வந்து சேரும் நாட்கள் அந்தக் கணக்கில் இல்லை. பண்டிகை விடுமுறையும் இல்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது தை மாதக் கல்யாண வீட்டார்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் தையில் வரும் முகூர்த்தங்களுக்கான பைகள் எல்லாம் மார்கழியில்தான் தைத்து அச்சாகின்றன. ஒரே மாதத்தில் ஆர்டர்கள் குவிகின்றன. அந்த மாதம் முடியும்போது பொங்கல் வருகிறது. தையல், அச்சு வேலைக்கு வந்திருப்பவர்கள் சொந்த ஊருக்குப் போனால், மூன்று நாள் விடுமுறை என்று அறிவித்த இடத்திலும் ஒரு வாரம் கழித்துத்தான் எல்லாத் தையல் மிஷினும் மறுபடி ஓடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். பிப்ரவரி 5 முகூர்த்தம், பருத்தித் துணியில் 600 பை, மணமக்கள் பெயரும் தேதியும் ஒரே நிறத்தில் அச்சு என்று வைத்துக்கொள்வோம். பை வீட்டுக்கு வர வேண்டிய நாள் பிப்ரவரி 4 அல்ல. எண்ணிப் பார்க்கவும், குறையிருந்தால் மாற்று ஏற்பாடு செய்யவும் 10 நாளாவது வேண்டும் என்பதால் ஜனவரி 25 என்று வைப்போம். பார்சலுக்கு மூன்று நாள் விட்டால், 22-ஆம் தேதி பை கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் 13-லிருந்து 20 வரை பட்டறையில் வேலை நடக்காது என்று எடுத்துக்கொண்டால், வேலை பொங்கலுக்கு முன்பே, ஜனவரி 10-க்குள் முடிந்தாக வேண்டும். துணி வெட்டி, அச்சிட்டுக் காயவைத்து, தைத்து, கட்டுவதற்கு 12 வேலை நாள் என்றால் டிசம்பர் 27-க்குள் தொடங்க வேண்டும். அதற்கு முன் பெயர் எழுத்துகளைப் பார்த்து முடிவு செய்ய ஐந்தாறு நாள். அதற்கும் முன் மாதிரிப் பை ஒன்று வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல். ஆக, விற்பவரிடம் முதல் பேச்சு டிசம்பர் தொடக்கத்தில் நடந்திருக்க வேண்டும்.

இதே ஆர்டரை ஜனவரி 5 அன்று உறுதி செய்தால் என்ன ஆகும்? பொங்கலுக்கு முன் ஏழு வேலை நாள்தான் கிடைக்கும். மீதி வேலை 21-க்குப் பிறகுதான். பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடிவிடும். விற்பவர் வாக்குத் தவறியிருக்க மாட்டார், ஆனால் பை முகூர்த்தத்தின் வாசலில்தான் வந்து நிற்கும். ஆகவே "எத்தனை நாளில் தருவீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தேதியில் என் வீட்டில் இருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு தேதியை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதை எழுத்தில் வாங்குங்கள். முகூர்த்தத் தேதியையும் அதே செய்தியில் குறிப்பிடுங்கள்.

அந்தத் தேதிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. வெள்ளம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணங்களுக்கு மட்டும் விலக்கு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், குறித்த காலத்துக்குள் முடிப்பதுதான் முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் காலம் தவறினால், அதை ரத்து செய்யும் உரிமையை மற்றவருக்குத் தருகிறது. முகூர்த்தத் தேதியை எழுதச் சொல்வது இதற்காகத்தான். கல்யாணம் முடிந்த மறுநாள் வந்த பை யாருக்கும் பயன்படாது என்பது ஆர்டர் வாங்கிய அன்றே அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

இனி முன்பணம். முன்பணம் கேட்பதில் தவறில்லை. உங்கள் மகள் பெயர் அச்சான பையை அவர் வேறு யாரிடமும் விற்க முடியாது. துணியும் அவர் கையிலிருந்து பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எனவே பாதிப் பணம் என்பது நியாயமான கேள்வி. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பதும், இன்றே கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துவதும்தான் நியாயம் இல்லாதவை. முழுப் பணமும் போய்விட்டால், உங்கள் தேதியைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் குறைந்துவிடும். பணம் வேலையோடு சேர்ந்து நகர வேண்டும்.

நம் கணக்கில் பை ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 24,000 ரூபாய். அச்சுக்கான ஸ்கிரீன் செய்ய 1,000. மொத்தம் 25,000. பார்சல் கட்டணம் தனி. இதில் எழுத்துகள் சரி என்று நீங்கள் சொல்லும் நாளில் 10,000 கொடுக்கலாம். முதல் அச்சு விழுந்த பையின் படம் வந்ததும் இன்னொரு 5,000. 600-ம் தைத்துக் கட்டிய மூட்டைகளின் வீடியோ வந்த பிறகு 7,500. வீட்டில் எண்ணிப் பார்த்ததும் கடைசி 2,500. புது வாடிக்கையாளரிடம் கடைசித் தொகையை நிறுத்திவைக்கப் பலர் ஒப்ப மாட்டார்கள். அனுப்பும் முன் மீதி முழுவதும் வேண்டும் என்பார்கள். அதற்குச் சம்மதிக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் அந்த 5,000-ஐ மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டால், குவித்துவைத்த பைகளின் படம் வரும். அது யாருடைய பையோ, எந்த வருடத்துப் படமோ தெரியாது. உங்கள் வீட்டுப் பெயர் அச்சான பையின் படத்தை மட்டும் பழைய படமாக அனுப்ப முடியாது. ஸ்கிரீன் தயாராகி, துணி வந்து, அச்சு மேஜையில் உங்கள் வேலை ஏறிவிட்டது என்பதற்கு அதுவே உறுதியான அடையாளம். எழுத்துப் பிழையைப் பிடிக்கவும் அதுதான் கடைசி வாய்ப்பு. தமிழ் எழுத்துகள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எழுத்துரு மாறி, கொம்பு இடம் மாறுவதும் புள்ளி விழுந்துபோவதும் இன்றும் நடக்கிறது. செல்போன் திரையில் சரியாகத் தெரிந்தது ஸ்கிரீனில் உடைந்திருக்கலாம். முதல் அச்சின் படத்தை வீட்டில் இரண்டு பேர், இனிஷியல் முதல் தேதி வரை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு கெடு வையுங்கள். நம் உதாரணத்தில் ஜனவரி 3-க்குள் முதல் அச்சின் படம் வராவிட்டால் ஆர்டர் ரத்து, முன்பணம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். அவர் துணி வாங்கியிருந்தாலும் அச்சிடாத துணி வீணாகாது, வேறு ஆர்டருக்குப் போகும். ஸ்கிரீன் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதில் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உங்களுக்கோ இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கும். அச்சில்லாத மஞ்சப்பையை உள்ளூரிலேயே வாங்கி, பெயர் அச்சிட்ட சிறு அட்டையைக் கட்டிக் கொடுத்துவிடலாம். அவசரத்துக்கு நெய்யாத பாலிப்ரொப்பிலீன் பையை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். துணிபோலத் தோன்றும் அந்தப் பை, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களில் ஒன்று.

மாதிரிப் பைக்கு 100, 150 ரூபாய் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள். படத்தில் பெரிதாகத் தெரியும் பைக்குள் குடுமித் தேங்காய் போகாமல் நிற்பது புதிதல்ல. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் என்று நீங்கள் தரப்போவதை எல்லாம் போட்டு, கைப்பிடியைப் பிடித்து நாலைந்து முறை குலுக்கிப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்குத் தையல் இல்லாத பை மண்டப வாசலிலேயே அறுந்துவிடும். அச்சின் மேல் ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் வரக் கூடாது. மார்கழிக் குளிரில் அச்சு மெதுவாகத்தான் காயும். காயாமல் அடுக்கினால் ஒரு பையின் எழுத்து அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மூட்டை வந்ததும், அடியில் இருக்கும் பைகளை முதலில் உருவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மூட்டையைப் பிரிக்கும்போது ஒருவர் வீடியோ எடுக்கட்டும்.

எண்ணிக்கையில் ஒரு சொல். அழைப்பிதழ் கணக்கில் பை சொல்லாதீர்கள், ஒரு குடும்பத்திலிருந்து மூன்று பேர் வருவார்கள். குறைந்துபோனால் 40 பை மட்டும் தனியாக அச்சிட்டுத் தர யாரும் முன்வர மாட்டார்கள். பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுவது நல்லது.

பணம் அனுப்பும் முன், விற்பவர் தரும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் பதிவான பெயர் வரும். யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும் தெரியும் பெயரும் அதுவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வீட்டிலிருந்து தைத்து விற்கும் சிறு விற்பனையாளரிடம் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் இருக்கலாம், அதுவே குற்றமல்ல. அப்போது முகவரி, வங்கிக் கணக்குப் பெயர் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். விலை, எண்ணிக்கை, துணி, அளவு, சேரும் தேதி, முகூர்த்தத் தேதி, பணம் கட்டும் கட்டங்கள், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை ஒரே செய்தியாக நீங்களே எழுதி அனுப்பி, அவர் "சம்மதம்" என்று பதில் போட்ட பிறகு பணம் கட்டுங்கள். நாலு நாள் குரல் பதிவுகளில் சிதறிக் கிடக்கும் பேச்சைப் பின்னால் யாருக்கும் காட்ட முடியாது.

பணம் வாங்கியவர் போனையே எடுக்கவில்லை, கணக்கையும் மூடிவிட்டார் என்றால் அது மோசடி. தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க அப்போதுதான் வழி உண்டு. ஆள் இருக்கிறார், பை தாமதம் அல்லது குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.