வெப்பநிலைக் குமிழில் தவறும் படிகள்

சால்டரிங் ஸ்டேஷனில் வெப்பநிலையை அமைக்கும் ரோட்டரி என்கோடர் குமிழுக்குள் ஏ, பி என இரண்டு சுவிட்சுகள் உள்ளன. அவை சற்று முன்பின்னாக மாறுவதால் 00, 01, 11, 10 என்ற வரிசை கிடைக்கிறது; எதிர்ப்புறம் திருப்பினால் வரிசை தலைகீழாகும்.

ஒரு சுற்றுக்கு 20 கிளிக், ஒரு கிளிக்குக்கு 4 மாற்றம் உள்ள குமிழை நொடிக்கு 2 சுற்று திருப்பினால், ஏறத்தாழ 6 மில்லிநொடிக்கு ஒரு மாற்றம் வரும். மைக்ரோகன்ட்ரோலர் திரையில் எண்ணை எழுதிவிட்டு 19 மில்லிநொடி கழித்துப் பார்த்தால் மூன்று மாற்றங்கள் கடந்திருக்கும். 00-க்குப் பின் 10 தெரிவதால், அதை ஒரு படி பின்னோக்கி என்றே அது கணக்கிடும். வேகமாகத் திருப்பும்போது மட்டும் வெப்பநிலை எதிர்த்திசையில் நகர்ந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

டைமர் இன்டரப்ட் மூலம் மில்லிநொடிக்கு ஒருமுறை படித்தால் படிகள் தவறுவதில்லை. சுவிட்சின் அதிர்வால் வரும் பொய்யான முன்பின் மாற்றங்களும் கணக்கில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.